பதினொரு பெஞ்சும் ஒரு ஆட்டோவும்

ஒவ்வொரு மாதமும் இருபத்தைந்தாம் தேதி வாக்கில் நீள நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு அடுத்த மாதத்துக் கணக்கைப் போடுவேன். பன்னிரண்டு வருடமாக இதே வேலை. சங்கரன்கோவிலில் ஒரு பாத்திரக்கடைக்கு மேல் மாடியில் ஒரே ஒரு ஹால், அதுதான் என் டியூஷன் சென்டர். பதினொரு பெஞ்ச், நான்கு மின்விசிறி, ஒரு கரும்பலகை. கீழே ஆட்கள் குடத்தையும் குக்கரையும் தட்டித் தட்டிப் பார்த்து விலை கேட்பார்கள். அந்தச் சத்தத்துக்கு மேலே நான் தொண்டை வற்ற இருபடிச் சமன்பாடு நடத்துவேன்.

நான் கணக்கு மிஸ். ஆனால் என் சொந்தக் கணக்கு எனக்கு என்றைக்கும் சரியாக வந்ததில்லை.

அந்த வருடம் பத்தாம் வகுப்பில் நாற்பத்திரண்டு பேர். மாலையில் ஐந்து மணிக்கு ஒரு பேட்ச், ஆறரைக்கு ஒரு பேட்ச். காலையில் ஒன்பதாம் வகுப்பு, பதினெட்டுப் பேர். பத்தாம் வகுப்புக்கு எண்ணூறு ரூபாய், ஒன்பதுக்கு அறுநூறு. எல்லோரும் கட்டினால் நாற்பத்து நாலாயிரத்து நானூறு. எல்லோரும் கட்டிய மாதம் ஒன்று உண்டா என்று கேட்காதீர்கள், எனக்குக் கோபம் வரும். பத்தாம் வகுப்பில் ஒன்பது பேர், ஒன்பதாம் வகுப்பில் மூன்று பேர் நிரந்தரமாக நிலுவை. கைக்கு வருவது முப்பத்தைந்தாயிரத்து நானூறு. அதுவும் ஐந்தாம் தேதி கேட்டால் இருபதாம் தேதிக்குத்தான் வந்து சேரும். "அனுப்பிட்டேன் மிஸ், சர்வர் பிஸியா இருக்கு" என்பார்கள். எந்த சர்வரோ, பதினைந்து நாளாக பிஸியாகவே இருக்கும்.

எங்கள் ஊர்க் கோயில் திருவிழா ஆடித்தபசு வந்தால் இன்னும் மோசம். ஊரே கூட்டத்தில் நிறைந்து கிடக்கும்போது பிள்ளைகள் டியூஷனுக்கு எப்படி வரும்? நாலைந்து நாள் லீவு விடுவோம். உடனே ஃபோன் வந்துவிடும். "லீவு விட்டீங்கள்லா மிஸ், இந்த மாசம் பாதி ஃபீஸ்தான?" கட்டட ஓனர் பாதி வாடகை வாங்குவாரா? மின்வாரியம் பாதி பில் போடுமா? கேட்கத் தோன்றும். கேட்கமாட்டேன். கேட்டால் அடுத்த மாதம் பிள்ளை வேறு டியூஷனில் இருக்கும்.

செலவு என்று பார்த்தால், வாடகை ஏழாயிரம். அறிவியல் மிஸ்ஸுக்கு ஒன்பதாயிரம். சனி, ஞாயிறு மட்டும் வரும் ஆங்கில சாருக்கு ஒரு பேட்ச்சுக்கு ஆயிரத்தைந்நூறு வீதம் நாலாயிரத்தைந்நூறு. கரண்ட் ஆயிரத்தெண்ணூறு, பெருக்குகிற அம்மாவுக்கு ஆயிரம், கேள்வித்தாள் ஜெராக்ஸ் ஆயிரத்தைந்நூறு, தண்ணீர் கேனுக்கு முந்நூறு, பெஞ்சும் விசிறியும் வாங்கிய கடனுக்கு மாதம் நாலாயிரம். எல்லாம் போக எனக்கு மிஞ்சுவது ஆறாயிரத்து முந்நூறு. காலை ஆறரைக்கு வந்து இரவு எட்டுக்குக் கதவைப் பூட்டுகிறவளுக்கு அதுதான் சம்பளம்.

ஆகஸ்ட் மாதம் கட்டட ஓனரான பாத்திரக்கடை அண்ணாச்சி மாடி ஏறி வந்தார். அவர் மேலே வந்தாலே வாடகைப் பேச்சுதான்.

"டீச்சரம்மா, வரி ஏறிட்டு, கேட்டீங்களா? அடுத்த மாசத்துல இருந்து எட்டாயிரமா வச்சுக்கிடுவோம்."

"அண்ணாச்சி, போன வருஷந்தான கூட்டுனீங்க?"

"என்னத்தச் செய்ய, நானும் குடும்பம் நடத்தணும்லா" என்றார். பேச்சு அவ்வளவுதான்.

அதே வாரம் அறிவியல் மிஸ் வந்தாள். அவளுக்கு இருபத்தாறு வயது. எம்.எஸ்ஸி, பி.எட் முடித்தவள். என்னிடம் வந்து நான்கு வருடம் ஆகிவிட்டது. பிள்ளைகளுக்கு முன்னால் அவளை மிஸ் என்றுதான் கூப்பிடுவேன், தனியாக இருந்தால் வாம்மா போம்மாதான். அவள் ஒளிவிலகலை நடத்தினால் கடைசி பெஞ்சுப் பிள்ளையும் படம் சரியாகப் போடும். அந்தத் திறமை எனக்கு இல்லை, ஒத்துக்கொள்கிறேன்.

"அக்கா, ஒரு ஸ்கூல்ல பன்னிரண்டாயிரம் தாரேன்னு கூப்பிடுதாங்க" என்றாள். சொல்லிவிட்டு டஸ்டரைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தாள். "எனக்குப் போக இஷ்டம் இல்ல. நீங்க பதினொண்ணு குடுத்தீங்கன்னா இங்கனயே இருந்துருவேன். வீட்டுல கேக்காங்க அக்கா, நான் என்ன சொல்ல?"

அவள் போய்விட்டால் அறிவியல் இல்லை. கணக்கு மட்டும் சொல்லிக்கொடுக்கும் டியூஷனுக்கு யார் எண்ணூறு தருவார்கள்? அவளைப் பிடித்து வைக்க இரண்டாயிரம், வாடகைக்கு ஆயிரம். மூவாயிரம் ரூபாய். ஒன்றாம் தேதிக்குள் அந்த மூவாயிரத்தை நான் எங்கிருந்தாவது கொண்டுவர வேண்டும். ஃபீஸைக் கூட்டலாம் என்றால், கல்வி வருடத்தின் நடுவில் கூட்டினால் கட்டுகிறவர்களும் போய்விடுவார்கள்.

நோட்டை எடுத்தேன். இரண்டு நாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் பெஞ்சுகளை எண்ணினேன். பதினொரு பெஞ்ச், ஒன்றுக்கு மூன்று பேர், முப்பத்து மூன்று. பத்தாம் வகுப்பு நாற்பத்திரண்டில் ஃபீஸ் கட்டாத ஒன்பது பேரைக் கழித்தால் அச்சடித்ததுபோல் அதே முப்பத்து மூன்று! எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. இப்படி ஒரு விடை வந்தால் எந்தக் கணக்கு மிஸ்தான் சந்தேகப்படுவாள்?

ஃபீஸ் கட்டாத ஒன்பது பேரையும் நிறுத்திவிடுவது, அவர்களால் வருமானம் குறையாது. இரண்டு பேட்ச்சை ஒன்றாக்கி ஆறு மணிக்கு வைப்பது, ஆங்கில சாருக்கு ஒரு பேட்ச் குறையும், ஆயிரத்தைந்நூறு மிச்சம். ஐந்து மணி பேட்ச் இடம் காலியாகும், அதில் கணக்கும் அறிவியலும் மட்டுமாக எட்டாம் வகுப்பு ஆரம்பிப்பது. ஏற்கனவே ஏழு பேர் விசாரித்துவிட்டுப் போயிருந்தார்கள். ஐந்நூறு வீதம் மூவாயிரத்தைந்நூறு. ஆக மொத்தம் ஐயாயிரம். மூவாயிரம் போக இரண்டாயிரம் எனக்கு. பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவையாக எனக்குச் சம்பள உயர்வு.

அறிவியல் மிஸ்ஸிடம் நோட்டைக் காட்டினேன். "பதினொண்ணு குடுத்துருதேம்மா, நீ எங்கயும் போவாண்டாம்" என்றேன்.

அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். ஒன்பது பேர் பட்டியலை மேலிருந்து கீழே விரலை வைத்துப் பார்த்தாள். "ஒரு பேட்ச்ல முப்பத்து மூணு பேருன்னா எல்லா நோட்டையும் திருத்த முடியாதே அக்கா" என்றாள். பிறகு மூன்று பெயரைத் தொட்டுக் காட்டி, "இந்த மூணும் பனவடலியில இருந்து ஆட்டோல வார பிள்ளைகள்லா?" என்றாள்.

அவளுக்கு இரக்கம் வந்துவிட்டது என்று நினைத்தேன். எனக்கு அன்றைக்கு யார்மீதும் இரக்கப்பட நேரம் இல்லை. "ஆட்டோல வந்தா என்ன, ஏரோப்ளேன்ல வந்தா என்ன? ஃபீஸ் கட்டுனாத்தான கிளாஸ்?" என்று வாயை அடைத்துவிட்டேன்.

அடுத்து நான் செய்ததைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. அந்த ஒன்பது பெயரைப் பிள்ளைகளுக்கு முன்னால் வாசிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம், இரண்டு பேட்ச்சையும் ஒன்றாக உட்காரவைத்து, "இவங்க எல்லாம் பாக்கியைக் கட்டிட்டு வந்தாப் போதும்" என்று சொல்ல வேண்டும். பன்னிரண்டு வருடம் ஆகியும் எனக்கு அந்தத் தைரியம் வரவில்லை. "எனக்கு பேங்க்ல ஒரு வேலை இருக்கும்மா, நீ வாசிச்சுரு" என்று தாளை அவள் கையில் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கிவிட்டேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு எந்த பேங்க் திறந்திருக்கிறது? அவளும் கேட்கவில்லை.

கீழே பாத்திரக்கடையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, வாங்கப்போகிறவள்போல் ஒரு குக்கரைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. நான் திரும்பவில்லை. ஒன்பது பேரும் இறங்கிப் போகும்வரை குக்கருக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அஞ்சு லிட்டர் போதுமா டீச்சரம்மா?" என்று அண்ணாச்சி கேட்டார்.

"பாத்துச் சொல்லுதேன் அண்ணாச்சி" என்றேன்.

அன்று இரவே ஒருவர் மட்டும் பாக்கி முழுவதையும் ஃபோனில் அனுப்பிவிட்டார். கடைவீதியில் இரண்டு கடை வைத்திருப்பவர். அவருடைய சர்வர் அன்றைக்குத்தான் சரியானதாக்கும். 'பாத்தியா, கண்டிப்பா இருந்தா துட்டு வருது' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு நிம்மதியாகப் படுத்தேன்.

திங்கட்கிழமை புது ஏற்பாடு. எட்டாம் வகுப்புக்கு ஏழு பேர் வர வேண்டிய இடத்தில் மூன்று பேர் வந்தார்கள். போகட்டும், வருவார்கள் என்று விட்டுவிட்டேன். ஆறு மணிக்குப் பத்தாம் வகுப்பை எண்ணினேன். பாக்கி கட்டி வந்தவனையும் சேர்த்து முப்பத்து நான்கு பேர் இருக்க வேண்டும். இருபத்தொன்பது பேர்தான் இருந்தார்கள். மறுபடி எண்ணினேன். அதே இருபத்தொன்பது. வராத ஐந்து பேரும் மாதம் தவறாமல் ஃபீஸ் கட்டுகிறவர்கள். ஐந்து பேரும் பனவடலி ஊர்ப் பிள்ளைகள்.

செவ்வாய்க்கிழமையும் வரவில்லை. எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. ஊர்க்காரப் பிள்ளைகளை நிறுத்தியதற்கு ஊரே சேர்ந்துகொண்டு என்மேல் பகை காட்டுகிறது என்று நினைத்தேன். என்ன செய்துவிட்டேன் நான், கொலையா செய்துவிட்டேன்? ஒரு பெண்ணின் அப்பாவுக்கு ஃபோன் போட்டு, "உங்களுக்கு என்ன குறை வச்சேன்? ஒரு வார்த்தை சொல்லாம நிறுத்திட்டீங்களே?" என்று பொரிந்தேன்.

அவர் பாவம், பதறிவிட்டார். "நாங்க எங்க மிஸ் நிறுத்துனோம்? ஆட்டோக்காரரு வரமாட்டேன்னுட்டாரே. ராத்திரி பொம்பளப் பிள்ளையை எதுல கூட்டிட்டு வர? பஸ்ஸை நம்பி விட முடியுமா?"

அப்போதுதான் அறிவியல் மிஸ் தொட்டுக் காட்டிய மூன்று பெயரும் எனக்கு நினைவுக்கு வந்தன.

அன்றைக்கே நோட்டில் போட்டுப் பார்த்தேன். ஆங்கில சார் வகையில் ஆயிரத்தைந்நூறு மிச்சம், எட்டாம் வகுப்பில் மூன்று பேருக்கு ஆயிரத்தைந்நூறு, பாக்கி கட்டி வந்தவனுக்கு எண்ணூறு. மூவாயிரத்தெண்ணூறு வரவு. போனது ஐந்து பேர், நாலாயிரம். இத்தனை கூத்தும் நடத்தி, பழைய இடத்திலிருந்து இருநூறு ரூபாய் கீழே வந்து நிற்கிறேன். அறிவியல் மிஸ்ஸுக்குப் பதினோராயிரம் என்று வாக்கும் கொடுத்தாகிவிட்டது. சவம், இந்த டியூஷனை இழுத்துப் பூட்டிவிட்டு வீட்டில் கிடக்கலாம் என்று தோன்றியது. அன்றைக்கு மட்டுமல்ல, மாதத்துக்கு இரண்டு தடவை தோன்றும். ஆனால் பெஞ்சுக் கடன் இன்னும் பதினெட்டு மாதம் பாக்கி இருந்தது.

புதன்கிழமை மதியம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஆட்டோ நிறுத்துகிற இடத்துக்குப் போனேன். அந்த ஷேர் ஆட்டோக்காரருக்கு நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். டியூஷன் வாசலில் தினமும் எட்டு மணிக்கு வண்டியை நிறுத்திவிட்டு நிற்பார். நான்கு வருடத்தில் அவரிடம் நான் பத்து வார்த்தை பேசியிருந்தால் அதிகம்.

"என்ன தம்பி, சொல்லாமக் கொள்ளாம நிறுத்திட்டீங்க?" என்றேன்.

"நான் நிறுத்துனேனா, நீங்க நிறுத்துனீங்களா மிஸ்?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பின் சீட்டைத் துடைத்து, உட்காரச் சொன்னார். "எட்டு பிள்ளைக்கு அறுநூறு வச்சு நாலாயிரத்து எண்ணூறு. ராத்திரி அங்கன விட்டுட்டு வெறும் வண்டியாத் திரும்பணும். டீசலுக்கே மூவாயிரம் போயிரும். நீங்க மூணு பிள்ளையை நிறுத்திட்டீங்க. அஞ்சு பிள்ளைன்னா மூவாயிரம். எனக்கு என்ன நிக்கும்? நீங்களே சொல்லுங்க, நீங்க கணக்கு மிஸ்தான?"

அவருடைய வண்டிக்கும் ஒரு பேட்ச் அளவு உண்டு என்பது என் மண்டையில் ஏறவே இல்லை. நான் தலையை எண்ணினேன். பிள்ளைகள் தனித்தனித் தலையாக வரவில்லை, ஒரு வண்டியாக வந்தார்கள்.

ஆனால் அவர் சொன்னதில் ஒன்று எனக்குச் சுருக்கென்று தைத்தது. "அப்போ அந்த மூணு பேரும் உங்களுக்கு ஒழுங்காத் துட்டு தாராங்களோ?"

"ஒரு வாரம் தவறுனது இல்ல."

"ஆட்டோவுக்கு இருக்கு, சொல்லிக் குடுக்கவளுக்கு இல்லையோ?" என்று கத்திவிட்டேன். பக்கத்து ஆட்டோக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"கோவப்படாதீங்க மிஸ். நீங்க அஞ்சாம் தேதி எண்ணூறு கேக்கீங்க. அவங்க கையில என்னைக்கு எண்ணூறு மொத்தமா நின்னுருக்கு? ஒரு வீட்டுல ஆடு, ஒரு வீட்டுல களையெடுப்பு, ஒரு வீட்டுல கொத்தனார் வேலை. துட்டு வாரது சனிக்கிழமை, ஞாயித்துக்கிழமை அது செலவாயிரும். நான் சனிக்கிழமை ராத்திரி பிள்ளையை இறக்கி விடும்போதே நூத்தியம்பதை வாங்கிருவேன். அஞ்சாம் தேதி போய் நின்னா எனக்குங் கிடையாதுல்லா."

என் அப்பா அரசாங்க ஆபீஸில் கிளார்க். மாதம் பிறந்தால் சம்பளம் என்று பார்த்தே வளர்ந்தவள் நான். ஓனர் மாதம் கேட்கிறார், பேங்க் மாதம் கேட்கிறது, நானும் மாதம் கேட்டேன். இந்த ஊரில் விசைத்தறிக்குப் போகிறவருக்கும் வாரக்கூலிதான் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். பன்னிரண்டு வருடமாகத் தெரியும். அதை நோட்டில் கொண்டுவந்து வைத்துப் பார்க்கத்தான் தெரியவில்லை. 'கட்டாதவர்கள்' என்று சிவப்பு மையில் எழுதத் தெரிந்தது.

"தம்பி, இன்னைக்கு என்னைய அங்கன கூட்டிட்டுப் போவீங்களா?" என்று கேட்டேன்.

அன்று சாயங்காலம் வகுப்பை அறிவியல் மிஸ்ஸிடம் விட்டுவிட்டுப் பனவடலிக்குப் போனேன். இரண்டு வீட்டில் உடனே சரி என்றுவிட்டார்கள். வாரம் இருநூறு, ஆட்டோக்காரரே சனிக்கிழமை வாங்கி வந்து தருவார். மூன்று மாதப் பழைய பாக்கியைப் பொதுத்தேர்வுக்குள் முடிந்தபோது முடிந்ததைக் கொடுத்தால் போதும் என்றேன். மூன்றாவது வீட்டு அம்மா ஆட்டைப் பட்டியில் அடைத்துக்கொண்டிருந்தாள். நான் பேசி முடிக்கும்வரை கதவைக் கட்டுகிற கயிற்றை விடவில்லை.

"போன்னு சொன்ன வாயே வான்னு சொல்லுது" என்றாள். "எம்பிள்ளை எங்கிட்டச் சொல்லவே இல்ல, தெரியுமா மிஸ்? சனிக்கிழமை டியூஷனுக்குப் போறேன்னு சொல்லிட்டு எட்டு மணி வரைக்கும் பஸ் ஸ்டாண்டுல உக்காந்து படிச்சிருக்கா. ஆட்டோக்காரத் தம்பி சொல்லித்தான் எனக்கே தெரியும். ஒரு வயசுப் பிள்ளை, தனியா, பஸ் ஸ்டாண்டுல. ஏதாவது ஒண்ணு ஆயிருந்தா உங்க எண்ணூறு ரூவா வந்து நிக்குமா?"

"தப்புதாம்மா" என்றேன். அந்தப் பெண் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. "எங்கிட்ட முன்னாலயே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா மிஸ்?" என்று மட்டும் அந்த அம்மா சொன்னாள். பிறகு, "நாளையில இருந்து அனுப்புதேன்" என்றாள்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் நான் மட்டும். இறங்கும்போது துட்டு கொடுத்தேன், வாங்க மறுத்துவிட்டார்.

வியாழக்கிழமை எட்டுப் பேரும் வந்தார்கள். முப்பத்தேழு பேர். நிறுத்தியதில் மீதி ஐந்து பேர் அதற்குள் வேறு டியூஷனில் சேர்ந்துவிட்டிருந்தார்கள். நான்கு பெஞ்சில் நாலு நாலு பேராக நெருக்கி உட்காரவைத்தேன். ஓரத்தில் இருந்தவனுக்கு எழுதக் கை நீளவில்லை, இருந்தாலும் சமாளித்தோம். சனிக்கிழமை ராத்திரி ஆட்டோக்காரர் பிள்ளைகளை ஊரில் இறக்கிவிட்டு மறுபடி வந்து, எட்டுப் பேரின் வாரப் பணத்தையும் கொடுத்தார். எல்லாம் பத்தும் இருபதும் ஐம்பதுமாக ஆயிரத்து அறுநூறு. "எட்டு வீட்டுலயும் வாரம்தான் வசதின்னாங்க" என்றார். டவுனில் தறிக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகளிடமும் நான் வாரக்கணக்குச் சொல்லியிருந்தேன், அதிலும் ஐந்தாறு பேர் கொண்டுவந்து கொடுத்துவிட்டார்கள்.

அங்கேயே நின்றுகொண்டு கணக்குப் போட்டேன். முப்பத்தேழு பேருக்கு இருபத்தொன்பதாயிரத்து அறுநூறு. முன்னே பத்தாம் வகுப்பில் வந்ததைவிட மூவாயிரத்து இருநூறு அதிகம். ஆங்கில சார் வகையும் எட்டாம் வகுப்பும் சேர்த்து இன்னொரு மூவாயிரம். வாடகை உயர்வும் பதினோராயிரமும் கொடுத்தது போக மீதியும் இருந்தது. வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை டெஸ்டுக்கு அறிவியல் மிஸ் வந்ததும் நோட்டை அவள் முன்னால் விரித்து வைத்தேன். "பாத்தியா? பதினொண்ணு நிச்சயம். மூணு பிள்ளைகளும் வந்தாச்சு. நீ சொன்னப்பவே கேட்டிருக்கணும்."

அவள் நோட்டைப் பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள், கூட்டல் சரியா என்று பார்க்கிறவள்போல.

"அக்கா, நான் வியாழக்கிழமையே ஸ்கூலுக்கு வாரேன்னு சொல்லிட்டேன். பதினஞ்சாம் தேதி ஜாயின் பண்ணணும்."

நான் பேனாவை எடுத்தேன். "பன்னிரண்டாயிரந்தான வேணும்? இரு, அதையும் நான்..."

"துட்டுக்கு இல்ல அக்கா." நோட்டை என் பக்கம் தள்ளிவைத்தாள். "அன்னைக்கு அந்த லிஸ்டை நான் வாசிச்சேன்லா? எனக்குச் சம்பளம் கூட்டத்தான் இவங்களை அனுப்புதோம்னு தெரிஞ்சேதான் வாசிச்சேன். ஒவ்வொரு பிள்ளையா எந்திச்சு, பையை எடுத்து, எங்கிட்ட வந்து 'தேங்க்யூ மிஸ்'னு சொல்லிட்டுப் போச்சு. கிளாஸ் முடிஞ்சா சொல்லும்லா, அது மாதிரி. எனக்கு அன்னைக்கு ராத்திரி சோறு இறங்கல."

நான் நோட்டை மூடினேன்.

"அந்த ஸ்கூல்ல ஃபீஸ் வாங்க ஆபீஸ்ல தனியா ஆள் இருக்காங்களாம். யார் கட்டுனா, யார் கட்டலன்னு டீச்சருக்குத் தெரியவே தெரியாதாம். பாடம் நடத்திட்டு வந்துரலாம். எனக்கு அது போதும் அக்கா."

எனக்கும் அதுதான் போதும் என்று சொல்ல வந்தேன். இருபத்தாறு வயதில் எனக்கும் வேண்டியிருந்தது அது ஒன்றுதான். சொல்லவில்லை. அவள்மேல் எனக்குக் கோபமே வரவில்லை. கீழே ஸ்டூலில் உட்கார்ந்து குக்கரைத் திறந்து மூடியவளுக்குக் கோபப்பட என்ன யோக்கியதை?

பதினான்காம் தேதி அவளுடைய அரை மாதச் சம்பளத்தை, பதினோராயிரக் கணக்கிலேயே, ஐயாயிரத்தைந்நூறாகக் கவரில் போட்டுக் கொடுத்தேன். வேண்டாம் என்றாள். கையில் திணித்து அனுப்பினேன். பிள்ளைகள் அன்றைக்கு அழுதார்கள். பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து படித்த பெண்தான் அதிகம் அழுதாள்.

அதற்குப் பிறகு மூன்று வாரம் அறிவியலையும் நானே நடத்தினேன். முதல் நாள் ராத்திரி படித்துவிட்டு மறுநாள் நடத்துவது. ஒளிவிலகல் படத்தை நான் போட்டால் கதிர் எங்கேயோ போய் முட்டும். பிள்ளைகள் தங்களுக்குள் பார்த்துக்கொள்வார்கள், என்னிடம் சொல்லமாட்டார்கள். நோட்டில் அறிவியல் என்ற வரிக்கு நேராகப் பதினோராயிரம் என்று எழுதி வைத்திருந்தேன். கணக்கு அந்த மாதம் சரியாகத்தான் இருந்தது.

ஒரு நாள் மதியம், இளையரசனேந்தல் பக்கத்திலிருந்து ஒரு பெண் வேலை கேட்டு வந்தாள். பி.எட் முடித்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. சான்றிதழ்களை ஒரு பிளாஸ்டிக் கவரில் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள். உட்காரச் சொன்னேன். படி ஏறி வந்த மூச்சிரைப்பு அடங்கிய பிறகும், சம்பளம் எவ்வளவு என்று கேட்க அவளுக்குக் கூச்சம், முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

சம்பளத்தை அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். "முதல்ல ஒண்ணு சொல்லிருதேம்மா" என்றேன். "இங்க ஃபீஸ் விஷயம் எதுவும் உங்கிட்ட வராது. கேக்கதும் நான்தான், வாசிக்கதும் நான்தான்."

"சரி மிஸ்" என்றாள். அதை ஏன் முதலில் சொல்கிறேன் என்று அவளுக்குப் புரியவில்லை.